இருபத்தேழுக்குப் பின்னால் இருந்தது

ஞாயிறு காலை பத்து மணிக்கு, திண்டிவனம் நூலகத்தில் எங்கள் மறதிப் பரீட்சை. அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கும் இரண்டு பேர்: கிளியனூரிலிருந்து நான், விழுப்புரத்திலிருந்து அவள். அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். ஆனால் சட்டம் போடுவதெல்லாம் அவள்தான்.

போன வாரப் பாடத்தில் பத்துக் கேள்வி, போன மாதத்தில் பத்து, முதன்முதலில் படித்ததில் பத்து. முந்தின நாள் பழைய பாடத்தைப் புரட்டக் கூடாது. எது மறந்ததோ, அதுதான் அந்த வாரம் மறுபடி படிக்க வேண்டியது. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டது நான். எடுத்துக் கேட்பது அவள்.

வீட்டில் ஒப்பந்தம் தெளிவு. இந்த ஒரு தேர்வு. தவறினால் தையல் கம்பெனி. அங்கே என் வீட்டுக்காரர் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். வாராவாரம் நான் முப்பதுக்கு இருபத்தாறு, இருபத்தேழு எடுத்தேன். திமிர்கூட வந்துவிட்டது எனக்கு.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சீட்டை எடுத்தவள் வாய் திறக்கும் முன்பே "நாப்பத்திரண்டு" என்றேன். அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில் எண்ணெய்க் கறை.

"நான் இன்னும் கேக்கவே இல்லக்கா."

"அடிப்படைக் கடமைகள் எந்தத் திருத்தத்தில சேந்துச்சுன்னு. அந்தச் சீட்டுதான அது?"

"சரி. அதே திருத்தம் முகவுரையில சேத்த வார்த்தை என்னென்ன?"

அதே பாடம், அதே பக்கம். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவள் டப்பாவை மூடிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அதே அத்தியாயங்களிலிருந்து முப்பது புதுக் கேள்வி கேட்டாள். ஒன்பது சொன்னேன்.

"இத்தனை மாசமா சீட்டதான் படிச்சிக்கினு இருந்திருக்கீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "என் மேலயும் தப்புக்கா. நான் சீட்ட மாத்தச் சொல்லியிருக்கணும்."

நோட்டில் ஒன்பது என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். மேலே வரிசையாக இருபத்தேழுகள். அத்தனையும் பொய். எந்தப் பாடம் மறந்தது என்று கண்டுபிடிக்க வைத்த பரீட்சை, மறந்த பாடங்களை எல்லாம் என் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது. முதலிலிருந்து படிக்க மூன்று வாரம் எந்த மூலைக்கு?

ஊர் திரும்பப் புதுச்சேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்பார்.

"இன்னிக்கி எவ்ளோ?"

நோட்டு மடியில்தான் இருந்தது.

"இருபத்தேழு," என்றேன்.

"அதான் பாத்தேன். கம்பெனிலேருந்து ஜல்தியா பதில் சொல்லுன்னு பேஜார் பண்ணிக்கினு இருந்தாங்க. நீ வர மாட்ட, வேற ஆள் போட்டுக்குங்கன்னு காலையிலயே சொல்லிட்டேன்."