விரிசல் இல்லாத கருங்கல்

வசந்தகுமாரிக்கு மூக்கின் மேல் கோபம் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லாதவர் கிடையாது. சொல்கிறவர்கள் யார் என்று பார்த்தால், வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு அவரிடம் மாட்டிக்கொண்டவர்களாகத்தான் இருப்பார்கள். என் பெயர் யூசுப். அம்பத்தூர் எஸ்டேட்டில் மண்ணையும் பாறையையும் சோதித்து அறிக்கை கொடுக்கிற ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிறேன். நானும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். ஒரு தடவைகூட அது அநியாயமாக இருந்ததில்லை.

அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், கல்லூரியில் புவியியல் படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் மேப் பார்க்கிற படிப்பு என்று நினைத்துச் சம்மதித்துவிட்டார்களாம். அது நிலவியல், கல்லுடைக்கிற படிப்பு என்று தெரிந்தபோது முதல் வருடமே முடிந்துவிட்டது. முதலில் சேர்ந்த கம்பெனியில் இவரை டைப் அடிக்க உட்கார வைத்தார்கள். "கல்லைப் பார்க்கத்தான் படிச்சேன், கல்லைக் காட்டுங்க" என்று சண்டை போட்டு சைட்டுக்குப் போனவர், முட்டி வலி வந்த பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தார்.

வேலை இதுதான். பூமிக்குள் துளை போட்டு, பாறையை நீள உருளையாக வெட்டி எடுப்பார்கள். அது துண்டு துண்டாக வரும். வந்த வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். வசந்தகுமாரி முக்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதுவார். என்ன பாறை, அதன் மணிகள் எவ்வளவு பெரிது, எங்கெங்கே எப்படி உடைந்திருக்கிறது. இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதினால் அறிக்கை ஆயிற்று. அந்தப் பெட்டிகளை அவர் அனுமதி இல்லாமல் தொடக்கூடியவர் அஞ்சலை ஒருவர்தான். அஞ்சலை எங்கள் கிடங்கைக் கூட்டிப் பெருக்குகிறவர். மாங்காட்டைத் தாண்டி, கைவிட்ட ஒரு கல்குவாரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார்.

அந்தக் குவாரிப் பள்ளத்தில்தான் ஊர்க் குப்பையைக் கொட்டப் போகிறோம் என்று ஒரு கம்பெனி கிளம்பியது. கீழே இருப்பது எப்படிப்பட்ட பாறை என்று சோதிக்கும் வேலை எங்களிடம் வந்தது. அஞ்சலையின் தெருவுக்கே ஒரு கிணறுதான் குடிதண்ணீர். அது அந்தப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

வசந்தகுமாரி எழுதியதை நான் படித்தேன். சார்னோக்கைட், அதாவது நம் கருங்கல். மணிகள் பெரியவை. பாறை நெடுகச் செங்குத்தான விரிசல்கள், வாய் திறந்தவை, உள்ளே துருக்கறையும் களிமண்ணும். துளை போடும்போது உள்ளே விட்ட தண்ணீர் மேலே திரும்பி வரவே இல்லை. குப்பையில் ஊறி இறங்கும் தண்ணீருக்கு வழி திறந்து கிடக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அறிக்கையின் சுருக்கம் தமிழில் வேண்டும். எங்கள் முதலாளி லட்சுமணன் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரே நிமிடத்தில் தமிழாக்கி எடுத்து வந்தார். பாறையின் மணிகள் அதில் 'கரடுமுரடான தானியங்கள்' ஆகியிருந்தன. விரிசல் என்று வர வேண்டிய இடத்தில் பாறைக்கு 'மூட்டுகள்' இருந்தன, 'எலும்பு முறிவு' ஏற்பட்டிருந்தது. துளையிலிருந்து பாறை எவ்வளவு மீண்டு வந்தது என்ற இடத்தில் 'குணமடைதல் தொண்ணூறு சதவீதம்' என்று இருந்தது.

"சார், இந்தப் பாறைய எந்த ஆஸ்பத்திரில சேர்த்திருக்கீங்க?" என்று வசந்தகுமாரி கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தைக் கசக்கி லட்சுமணன் மேசையிலேயே வைத்துவிட்டு, "நானே எழுதித் தரேன்" என்றார்.

எழுதவும் செய்தார். ஆங்கிலத்தில் ஒரே காலையில் முடிகிற வேலை, தமிழில் நாள்கணக்காக இழுத்தது. கல்லூரிப் புத்தகத்துத் தமிழில் எழுதி அஞ்சலையிடம் படிக்கக் கொடுத்தார்.

"இன்னாக்கா இது, தமிழு மாரி கீது, ஒண்ணியும் பிரியலியே" என்றார் அஞ்சலை.

வசந்தகுமாரிக்கு அதற்கும் கோபம் வந்தது, ஆனால் தன் மேல்தான். எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். 'மணிகள் கல் உப்பு அளவு.' 'விரிசல்கள் நின்றவாக்கில் உள்ளன. சிலவற்றில் நகம் நுழையும்.' 'விரிசலின் உட்புறம் பழுப்பேறியிருக்கிறது. தண்ணீர் நெடுங்காலமாக இதன் வழியே போய்வந்த அடையாளம் இது.' அஞ்சலை இதைப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ குப்பத் தண்ணி எங்க கெணத்துக்கு வருமாக்கா?"

"வரும். எப்போ வரும்னுதான் சொல்லத் தெரியல."

அச்சாகி வந்த தமிழ்ச் சுருக்கத்தைப் பார்த்தபோது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. பாறை வகை இருந்தது. கல் உப்பு அளவு மணிகள் இருந்தன. விரிசலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்த இடத்தில் 'மிக உறுதியான, நீர் புகாத கருங்கல்' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். கீழே 'தமிழாக்கம்: வசந்தகுமாரி' என்று கொட்டை எழுத்தில். அயோக்கியத்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது.

அவர் நேராக லட்சுமணன் அறைக்குப் போனார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"விரிசல் எங்க சார்?"

"சுருக்கம்தானேம்மா. ஜனங்களுக்கு எதுக்கு அவ்வளவு டெக்னிகலா? இங்கிலீஷ்ல எல்லாம் அப்படியே இருக்கே, யார் கேட்டாலும் காட்டலாம்."

"அந்தத் தெருவுல யாரு சார் இங்கிலீஷ் படிக்கறாங்க?"

"அடியில கனமா பிளாஸ்டிக் விரிப்பு போடப் போறாங்கம்மா. ஒண்ணும் இறங்காது."

"போடட்டுமே. அப்புறம் கல்லைப் பத்தி எதுக்குப் பொய் சொல்லணும்? அதுவும் என் பேர்ல?"

லட்சுமணன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணியே அடிக்காத போன்.

அடுத்த வாரம் குப்பைக் கம்பெனியிலிருந்து பரத் என்ற இளைஞர் எங்கள் கிடங்குக்கு வந்தார். கூட்டத்தில் மக்கள் பார்ப்பதற்கு உறுதியான பாறை உள்ள ஒரு பெட்டி வேண்டுமாம். வசந்தகுமாரி அன்று வேறு சைட்டுக்குப் போயிருந்தார். பரத் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பல பெட்டிகளில் துண்டுகள் சேரும் இடத்தில் குறுக்கே வெள்ளையாக இரட்டைக் கோடு போட்டிருந்தது.

"இந்தக் கோடெல்லாம் உடைஞ்ச இடமா?" என்று கேட்டார்.

"ஆமா சார், ஒடஞ்ச எடம்தான்" என்றேன். அதில் பொய் இல்லை.

கோடே இல்லாத ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்து, துண்டுகளை நெருக்கமாகத் தள்ளி வைத்து, மேலே துடைத்து எடுத்துப் போனார். அந்த இரட்டைக் கோடு எங்கள் தொழிலின் வழக்கம். துளை போடுகிறவர்கள் சுத்தியால் தட்டி எடுக்கும்போதும், பெட்டிக்குள் அடங்குவதற்காக உடைக்கும்போதும் உண்டாகிற உடைவுகளில் மட்டும்தான் அதைப் போடுவார்கள். பாறையின் குற்றமில்லை, கணக்கில் சேர்க்காதே என்று அதற்குப் பொருள். கோடில்லாத உடைவு ஒவ்வொன்றும் பாறைக்குள்ளேயே இருந்த விரிசல். இருந்ததிலேயே மோசமான பெட்டியைத்தான் பரத் பொறுக்கி எடுத்திருந்தார். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்கு இன்றுவரை சந்தோஷம்தான்.

கூட்டம் மாங்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன் மேல் நம் பெட்டி. மாவட்ட நிர்வாகத்திலிருந்து வந்த அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். தமிழ்ச் சுருக்கத்தை வாசிக்க வசந்தகுமாரியைக் கூப்பிட்டார்கள். அவரே எழுதியது என்று காட்டினால் சனங்கள் நம்புவார்கள் என்பது லட்சுமணனின் யோசனை.

வசந்தகுமாரி காகிதத்தை வாங்கினார். பாறை வகையை வாசித்தார். மணி அளவை வாசித்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார், கோடுகள் இல்லாததைப் பார்த்தார். காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"மீதியை இதுல எழுதல. கல்லுல இருக்கு, அதையே வாசிக்கறேன்" என்றார்.

இரண்டு துண்டுகளைப் பிரித்து எடுத்தார். உடைந்த முகம் மண்சட்டியின் அடிபோலப் பழுப்பாக இருந்தது. "சுத்தியல்ல உடைச்சா உள்ள புதுசா மினுக்கும். இது மினுக்கல. தண்ணி போயிட்டு வந்த வழி இது." விரலால் வழித்து, ஒட்டிவந்த களிமண்ணை அந்த வெள்ளைத் துணியில் தேய்த்தார். அடுத்த துண்டு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி மக்கள் கையில் கொடுத்தார். அவர் குரல் நடுங்கியது. பயத்தினால் என்று பரத் நினைத்திருக்கலாம். எனக்கு அந்த நடுக்கம் தெரியும்.

"நீர் புகாத கல்லுன்னு என் பேரைப் போட்டு அச்சடிச்சிருக்காங்க. நான் எழுதினது அது இல்ல. நான் எழுதின விரிசலையெல்லாம் எடுத்துட்டாங்க. இந்தப் பள்ளத்துல குப்பை போட்டா, அது ஊறி வர்ற தண்ணி உங்க கிணத்துக்கு வழி கண்டுபிடிச்சுடும்."

லட்சுமணன் மேடையோரமாக வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்." முன்வரிசைக்கே கேட்டது. வசந்தகுமாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்றவர்களும் பேசி முடித்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில், யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி, கலைவதற்கு முன் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தர் எழுந்து வாசித்தார். வேலைவாய்ப்புப் பற்றிக் கேட்டவர் இருந்தார், சாலை வசதி கேட்டவர் இருந்தார். கடைசியில், "ஒரு பெண்மணி கோபமாகப் பேசினார்" என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். அந்தக் கல்லும் களிமண்ணும் துருவும் போன வேலையும் சேர்ந்து நாலே வார்த்தை. 

அஞ்சலை எழுந்தார். கையில் ஒரு கல் துண்டு இருந்தது.

"இன்னா பேசுச்சுன்னு எழுது சார். கோவமா பேசுச்சுன்னா, இன்னாத்துக்குக் கோவம்? கல்லு வெரிசல் உட்டுக் கீது, குப்பத் தண்ணி எங்க கெணத்துக்கு வரும்னு சொல்லுச்சு. அத எழுது. எழுதாம யாரும் இங்கேர்ந்து போ மாட்டோம்."

"அதெல்லாம் டெக்னிகல்மா..." என்று பரத் தொடங்கினார்.

"நீ சும்மா இரு நைனா. எங்க கையில கீது கல்லு."

தெருவே எழுந்து நின்றது. வாசற்பக்கம் பெண்கள் போய் நின்றுகொண்டார்கள். அதிகாரி மண்டபத்தைப் பார்த்தார், வெள்ளைத் துணியில் இருந்த பழுப்புத் தீற்றலைப் பார்த்தார். வசந்தகுமாரியைக் கூப்பிட்டு, சொல்லச் சொல்ல எழுதும்படி எழுத்தரிடம் கூறினார். பாறை வகை, மணி அளவு, விரிசல், துரு, களிமண், திரும்பி வராத தண்ணீர் என்று ஒவ்வொன்றாக, அஞ்சலைக்குப் புரிந்த அந்தத் தமிழிலேயே வசந்தகுமாரி சொன்னார். எழுத்தர் முழுவதையும் உரக்க வாசித்தார். பிறகுதான் அஞ்சலை உட்கார்ந்தார்.

அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். வசந்தகுமாரி எட்டிப் பார்த்தார்.

"கோபமாகப் பேசினார்னு முன்னாடி இருந்துச்சே, அதை அடிச்சிட்டீங்களா?"

"அடிச்சிட்டேம்மா" என்றார் எழுத்தர், ஏதோ நல்லது செய்த முகத்தோடு.

"திரும்ப எழுதுங்க. அதுவும் இருக்கணும்."