சிவப்பில் இருந்த பதில்கள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் இரண்டு தடவை விழுந்தவன் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதினால் எங்கள் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். மற்ற நாட்களில் அவர்களைப் பார்த்து நான்தானே சிரிக்கிறேன்.

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பிரிண்ட் எடுப்பேன், ஆன்லைனில் அப்ளிகேஷன் போடுவேன், ஆதார் போட்டோவைப் பார்த்து, "அக்கா, இது நீங்களா, ஒங்க மாமியாரா?" என்று கேட்பேன். யாரும் கோபப்பட்டதில்லை. இங்கிலீஷில் எது வந்தாலும் போனில் இருக்கிற மொழிபெயர்ப்பில் போட்டு, வருகிற தமிழை என் வாயால் கொஞ்சம் சரிக்கட்டிச் சொல்வேன்.

கடைக்கு ஒரு அக்கா பக்கத்து ஊரிலிருந்து வருவார். அவருடைய தம்பி வளைகுடாவில் கட்டட வேலை. இரண்டு மாதமாகப் போன் இல்லை. அங்கே தொழிலாளர்களுக்கு உதவுகிற ஒரு மலையாளி, கம்பெனிக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஈமெயில் கிடையாது என்பதால் எங்கள் கடை ஈமெயிலைக் கொடுத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மெயில் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்தேன். கறுப்பு வெள்ளைதான், எங்கள் கடையில் எப்போதும் அதுதான். மேலே மலையாளி எழுதியது ஒரே வரி: கீழே பாருங்கள், ஆக வேண்டியதைச் செய்யுங்கள். கீழே நம்பர் போட்டு மூன்று விஷயம். எழுத்தையெல்லாம் போனில் கொட்டினேன். முதல் விஷயம், 'தொழிலாளி நலமாக இருக்கிறார், இரண்டாவது முகாமில் இருக்கிறார்' என்று வந்தது. பக்கத்தில் ஏதோ ஒரு தேதி, அடைப்புக்குறிக்குள். அதை விட்டுவிட்டேன். அடுத்த வரி, 'பட்டியலில் இல்லை, மேற்பார்வையாளரின் வாய்மொழி மட்டுமே.' அது எனக்குப் புரியவில்லை. புரியாததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கடைசிப் பக்கத்தில் மறுபடியும் அதே வரி: நலமாக இருக்கிறார், இரண்டாவது முகாமில் இருக்கிறார்.

"அக்கா, நல்லா இருக்காராம். ரெண்டு எடத்துல சொல்லியிருக்கான் கம்பெனிக்காரன்."

"நெசமாவா தம்பி? நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை எழுதிருக்கான்க்கா. ஒரு தடவைன்னாக்கூட நானே நம்ப மாட்டேன்."

"போலீசுன்னு என்னமோ போட்டிருக்கே?" அவருக்கு அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்திருந்தது.

"ஆளுதான் கெடைச்சிட்டாரே, அப்புறம் எதுக்குப் போலீசு? இனிமே போன் வரலேன்னா, அங்கிட்டு ஒரு பொண்ணைப் பாத்துட்டாருன்னு அர்த்தம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை புதுக்கோட்டைக்குப் போய்க் கலெக்டரிடம் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த மனுவைப் பையிலிருந்து எடுத்து, "இது இனிமே வேணாம்ல?" என்றார். "வேணாம்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். போன் வரவில்லை. ஆட்கள் தங்குகிற அந்த இரண்டாவது முகாமின் நம்பரையாவது கேட்டு எழுதச் சொன்னார். என் இங்கிலீஷில் எழுதினால் கம்பெனிக்காரன் பயந்துவிடுவான் என்று, சென்னையில் ஆபீஸ் வேலை பார்க்கிற என் சிநேகிதனுக்கு அந்த மெயிலை அப்படியே அனுப்பி, எழுதித் தரச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் போன் பண்ணினான்.

"டேய், செவப்புல இருக்கறதப் படிச்சியா?"

"எங்கடா செவப்பு? எல்லாம் கறுப்பாத்தான் இருக்கு."

"பேப்பரைப் பாக்காத, மூதேவி. ஸ்கிரீனைப் பாரு."

பார்த்தேன். நம்பர் போட்ட ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு வரி சிவப்பாக இருந்தது. கறுப்பில் இருந்தது மலையாளி கேட்டது. சிவப்பில் இருந்தது கம்பெனியின் பதில். 'பதில்கள் கீழே சிவப்பில்' என்று கம்பெனி ஒரு வரி எழுதியும் இருந்தது. பிரிண்டரும் போனும் நிறத்தைத் தின்றுவிட, கேட்டவன் வாயும் பதில் சொன்னவன் வாயும் எனக்கு ஒரே வாயாகிவிட்டது.

சிநேகிதன் போனிலேயே இருந்தான். "கீழேருந்து மேல வாடா. ஒவ்வொரு லெட்டருக்கும் ஒரு தாள். யாரு, யாருக்கு, என்னைக்கு. பழசை எடுத்து நடுவுல போட்டிருந்தா, இது இப்பச் சொன்னதில்ல, இன்னார் இன்ன தேதியில சொன்னதுன்னு பக்கத்துலயே எழுது."

ஐந்து தாள் ஆனது. ஒன்று, மூன்றாம் தேதி: மலையாளி கம்பெனியைக் கேட்கிறார், ஆள் எங்கே? இரண்டு, ஐந்தாம் தேதி: கம்பெனி சொல்கிறது, நலமாக இருக்கிறார், இரண்டாவது முகாமில். மூன்று, இருபதாம் தேதி: மலையாளி, ஐந்தாம் தேதி நீங்கள் இப்படிச் சொன்னீர்கள் என்று அதே வரியை எடுத்துப் போட்டு, அதற்குப் பிறகும் அவரிடமிருந்து அழைப்பு இல்லையே, அவர் போன் உங்களிடம் இருக்கிறதா, போலீசில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்கிறார். நான்கு, இதை மட்டும் சிவப்புப் பேனாவால் எழுதினேன், இருபத்து நான்காம் தேதி, கம்பெனியின் பதில்: முகாமின் பட்டியலில் பெயர் இல்லை, அன்றைக்கு மேற்பார்வையாளர் வாயால் சொன்னதைத்தான் எழுதினோம். அவர் போன் எங்களிடம் இல்லை. புகார் கொடுக்கவில்லை. அதற்குக் குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட கடிதம் பத்து நாளுக்குள் வேண்டும். ஐந்து, அதே நாள்: மலையாளி நமக்கு எழுதியது, கீழே பாருங்கள்.

இரண்டு தடவை சொன்னான் என்று நான் சொன்னது ஒரே தடவை சொன்னது. அதுவும் பழசு. பத்து நாள் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்து தாளையும் வரிசையாக வைத்து வாசித்தேன். எனக்கு அன்றைக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

"நல்லா இருக்கான்னு சொன்னது?"

"அது அஞ்சாந்தேதி சொன்னதுக்கா. இந்த மூணாவது தாள்ல இருக்கறதும் அதேதான்."

"இல்லேன்னு சொன்னது?"

"இருவத்தி நாலாந்தேதி. அதுதான் கடைசி."

நாலாவது தாளை விரலால் தொட்டுப் பார்த்தார், மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் பண்ணி அன்றைக்கே அனுப்பினோம். இரண்டாம் நாள் கம்பெனியின் பதில் வந்தது. அதை ஸ்கிரீனிலேயே படித்தேன், நிறம் பார்த்து, தேதி பார்த்து. கடிதம் கெடுவுக்குள் வராததால், சொல்லாமல் வேலையை விட்டு ஓடியவர் என்று பதிந்தாகிவிட்டது, இனி அங்கே இருக்கிற போலீசைக் கேளுங்கள். மலையாளி போலீசில் கேட்டார். அங்கேயும் தகவல் இல்லை. மனுவைப் புதிதாக எழுதி அக்கா புதுக்கோட்டையில் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. இன்றைக்கு வரை வரவில்லை.

போன வாரம் அக்கா கடைக்கு வந்தார்.

"தம்பி, அந்த ரெண்டாவது தாள் இருக்கா?"

"இருக்குக்கா. எதுக்கு?"

"ஆத்தா கஞ்சி குடிக்க மாட்டேங்குது. அதை மட்டும் குடு, வாசிச்சுக் காட்டுறேன்."

"தேதி போட்டிருக்கேக்கா."

"அதை மடிச்சுக் குடு."

மடித்துக் கொடுத்தேன்.

இவ்வளவையும் வாட்ஸப்பில் எழுதிச் சிநேகிதனுக்கு அனுப்பி, இந்தத் தடவையாவது யார் எப்போது சொன்னார்கள் என்று சரியாகப் போட்டிருக்கிறேனா என்று கேட்டேன்.

"அந்தச் செவ்வாக்கெழமை அக்காகிட்ட நீ சொன்னதுக்கு ஆறாவது தாள் எங்கடா?"