டிக் போட்ட வாக்கியம்

தையல்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் டீச்சர் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ஒன்பது வருடமாகிறது. அதற்கு முன் இருபது வருடம் ஓர் ஆபீஸில் கடிதம் டைப் அடித்தவர். மேனேஜர் எழுதிக் கொடுத்ததில் பிழை இருந்தால் திருத்தாமல் விடமாட்டார். மேனேஜரும் முகத்தைச் சுளிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஆபீஸை இழுத்து மூடிய பிறகு, அந்தப் பிழை பொறுக்காத குணமே சோறு போட்டது. வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் நர்ஸுகள்தான் வகுப்பில் முக்கால்வாசிப் பேர்.

அன்றைய பாடம் 'ஷுட் ஹாவ்', 'ஆட் டு ஹாவ்': 'செய்திருக்க வேண்டும்' என்று சொல்லும் இரண்டு வழிகள்.

"செய்யணும்னா இன்னும் செய்யலாம். செஞ்சிருக்கணும்னா? செய்யலை, நேரமும் போயிடுச்சு. நம்மளையே சொல்லிக்கிட்டா வருத்தம், அடுத்தவங்களைச் சொன்னா குறை. 'ஆட் டு ஹாவ்'னாலும் அதேதான். ஹாவுக்குப் பின்னாடி வினைச்சொல்லோட மூணாவது வடிவம் வரணும். 'சீ' இல்லை, 'ஸா' இல்லை, 'ஸீன்'."

"எங்க மாமியாருக்கு ரெண்டாவது வகை மட்டும்தான் மிஸ் தெரியும்," என்றாள் ஒருத்தி. அறையே சிரித்தது.

பாதி வாக்கியங்கள் அச்சடித்த தாளைக் கொடுத்து, மீதியைச் சொந்த அனுபவத்திலிருந்து நிரப்பச் சொன்னார். பிறகு சிவப்புப் பேனாவோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருத்தி முந்தைய பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். ஒருத்தி முடியை வெட்டியிருக்கவே கூடாது.

கடைசி பெஞ்சில் இருந்த பெண் காலை டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். சிரிப்பில் அவள் கலந்துகொள்ளவில்லை. முதல் வரியில், 'ஐ ஷுட் ஹாவ்' என்பதற்குப் பின், சுகர் மாத்திரை கொடுக்குமுன் கட்டில் நம்பரைப் பார்த்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். 'சீ' என்று இருந்தது. டீச்சர் அதை அடித்து 'ஸீன்' ஆக்கினார்.

"இப்பதானே சொன்னேன்? மூணாவது வடிவம்."

அடுத்த வரி 'ஐ ஆட் டு ஹாவ்'. இங்கே வருவதற்கு முன் வார்டு சிஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். மூன்றாவது வடிவம், 'டோல்ட்', சரியாக இருந்தது. டீச்சர் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

டிக்கின் வால் பாதியில் நின்றது. இங்கே வருவதற்கு முன். இங்கே என்றால் இந்த அறை. இன்றைக்கு.

"இது... கற்பனைதானேம்மா?"

அவள் தலை நிமிரவில்லை. "ஏழாம் கட்டில் மாத்திரையை ஒன்பதாம் கட்டில் அம்மாவுக்குக் கொடுத்துட்டேன் மிஸ். அவங்களுக்குச் சுகரே இல்லை. டியூட்டி முடியிறப்பதான் தெரிஞ்சது. வேலை போயிடும்னு பயந்து..."

"எப்ப கொடுத்தே?"

"காலையில எட்டு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. மாத்திரையைப் பற்றி டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகம் வெளிறிப்போனது. "சுகர் இறங்கிட்டே போகும் மிஸ், ஆள் மயங்கிடுவாங்க," என்றாள் மாமியாரைச் சொன்னவள்.

"ஃபோனை எடு," என்றார் டீச்சர். "அந்தம்மா இன்னும் வார்டுலதானே இருக்காங்க? அப்ப இது 'சொல்லியிருக்கணும்' இல்லை. 'சொல்லணும்'. இப்பவே சொல்லு!"

ஸ்பீக்கரில் போட்டாள்; நம்பர் இரண்டுமுறை தப்பியது. வார்டு சிஸ்டர் எடுத்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "மத்தியானத்திலேருந்து தூங்குறாங்கன்னு அவங்க மகள் சொல்லிட்டு இருந்தாளே!" என்ற குரலும், அதைத் தொடர்ந்து ஓடும் செருப்புச் சத்தமும் கேட்டன. இரு பக்கமும் யாரும் ஃபோனை வைக்கவில்லை.

"சுகர் முப்பத்தெட்டு," என்றது தூரத்தில் ஒரு குரல். "குளுக்கோஸ், சீக்கிரம்!"

நர்ஸுகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அது எவ்வளவு கீழே என்று டீச்சருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து அந்தம்மா கண்ணைத் திறந்தார். மாத்திரையின் வேகம் அடங்கும் வரை, மறுநாள் முழுக்க, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் ஒரு கடிதத்தோடு படியேறி வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அனுப்பியது. நடுவில் ஒரு வரி: 'யூ ஆட் டு ஹாவ் ரிப்போர்ட்டட் இட் அட் ஒன்ஸ்.' உடனே தெரிவித்திருக்க வேண்டும். மூன்று மாதம் மருந்து வண்டியைத் தொடக்கூடாது என்று கீழே உத்தரவு.

"பதில் எழுதணும் மிஸ். அவங்க எழுதினதுல தப்பு இருக்கா?"

"இலக்கணத்துலயும் இல்லை, விஷயத்துலயும் இல்லை."

இருவரும் உட்கார்ந்து பதிலை எழுதினார்கள். அவள் சொல்லச்சொல்ல டீச்சர் எதையும் மழுப்பவிடவில்லை. ஆனால் சிவப்புப் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. அன்றைக்கு வாக்கியத்தைப் படித்தோம், சேதியைப் படிக்கவில்லையே என்ற அதிர்ச்சி அவரை விட்டுப் போகவில்லை. முதல் வரியிலேயே நின்றிருக்க வேண்டும். 'சீ'யைத் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கவே கூடாது.

"மிஸ், 'டோல்ட்' சரிதானே?" என்று பதிலில் ஒரு வரியைக் காட்டி அவள் கேட்டாள்.

"சரிதாம்மா," என்றார் டீச்சர். பதில் கடிதம் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து, மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார்.