ட்ரிம் அடித்த மத்தியானம்

நெல்லித்தோப்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். அதிலும் காலையில் பொட்டியைக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் நாலு தடவை போன் அடித்து "ரெடியாண்ணே?" என்று கேட்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. ஊர் வழக்கப்படி ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் தூக்குவேன். இறக்குவதற்கு முந்தைய அரை மணி நேரம் யார் கூப்பிட்டாலும் கட் செய்துவிடுவேன். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுதும்போதே கை கூசுகிறது.

அந்தப் பெண் மூலக்குளத்திலிருந்து வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒரு கேமிங் கேபினெட்டை நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டி வந்திருந்தாள். பொட்டி அவள் தம்பியுடையது. மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை பார்த்தவன். வேலை முடிந்து பைக்கில் வரும்போது லாரி அடித்துச் செத்துப்போய் அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். வளர வளரப் பேச்சையே விட்டுவிட்டானாம். வீட்டில் தலையாட்டல், கையசைப்பு. வெளியே போனால் டைப் அடித்துத்தான் செய்தி அனுப்புவான். அவன் ஆடிய கேமில் மலைமேல் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு கட்டி வைத்திருந்தான். அக்காக்காரி தினமும் சாயங்காலம் அந்தக் கேமைத் திறந்து அந்த வீட்டுக்குப் போகிறாள். ஆடத் தெரியாது, உள்ளே போய்ச் சும்மா நிற்பாளாம்.

பிரச்சினை என்னவென்றால், லோடு ஆக நாலைந்து நிமிஷம் பிடிக்கிறது. ஆன பிறகும் முதலில் தரை மட்டும் வருகிறது, சுவர் பிறகு வருகிறது, கூரை எப்போது வரும் என்று தெரியாது. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் அவன் வீடு இடிஞ்ச மாதிரி நிக்குதுண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

பொட்டிக்குள் எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி.யைப் பார்த்தேன். சிவப்புக் கோடு கடைசி வரைக்கும் போயிருந்தது, இடமே இல்லை. வேறு ஏதாவது எடுத்து வைக்க வேண்டுமா, போட்டோ, கல்யாண வீடியோ என்று கேட்டேன். போட்டோ எல்லாம் தன் போனில் இருக்கிறது, கேம் மட்டும் போதும், மற்றதை அழித்துவிடுங்கள் என்றாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள். இன்று வரைக்கும் மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்று இதை வாதாடிக்கொண்டே இருக்கிறான்.

இடம் நிறைந்தால் ஏன் மெதுவாகிறது என்று அவள் கேட்டதற்குக் கல்யாணப் பந்தியை வைத்துச் சொன்னேன். எஸ்.எஸ்.டி.யில் ஒரு இலையை மட்டும் எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு இலை போட முடியாது. வரிசை முழுவதையும் துடைத்தால்தான் புது இலை. அந்த வரிசையில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை முதலில் வேறு வரிசைக்கு மாற்ற வேண்டும். மண்டபம் காலியாக இருந்தால் சுலபம். நிரம்பி வழிந்தால் ஒருவரை மாற்றவே இடம் தேட வேண்டியிருக்கும். சாப்பிட்டு முடித்தவர் போய்விட்டார், இலையை எடுக்கலாம் என்று யாராவது சொல்லவும் வேண்டும். சொல்கிற வேலைக்குப் பேர்தான் ட்ரிம். சொல்லாவிட்டால் எஸ்.எஸ்.டி. பாவம், எச்சில் இலையையும் ஆள் இருக்கிற இலை என்று நினைத்துப் பத்திரமாகக் காத்துக்கொண்டிருக்கும். அவள் கொஞ்சம் சிரித்தாள். மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பாதிக்கு மேல் இடத்தை ஒரே ஃபோல்டர் தின்றிருந்தது. கேமைத் திறந்தாலே தானாக ரெக்கார்டு செய்கிற ஒரு மென்பொருளைத் தம்பி போட்டு வைத்திருந்தான். அவன் ஆடிய ஆட்டமெல்லாம் நூற்றுக்கணக்கான வீடியோவாகக் கிடந்தது. நிறைந்த எஸ்.எஸ்.டி.யில் படிப்பது மட்டும் என்றால் அவ்வளவு மெதுவாகாது. எழுதுவதுதான் தடுமாறும். இங்கே கேம் படிக்கத் தொடங்கும் அதே நேரத்தில் ரெக்கார்டர் எழுதத் தொடங்குகிறது. எழுத இடமில்லாமல் எஸ்.எஸ்.டி. உள்ளுக்குள் மாற்றி வைக்கவும் துடைக்கவும் அல்லாடும்போது, சுவரையும் கூரையையும் படிக்க வேண்டிய கேம் வரிசையில் நிற்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. ஃபோல்டரை மொத்தமாக அழித்தேன், குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாதபடி.

கேமைத் திறந்தேன். கொஞ்சம்தான் முன்னேற்றம். இவ்வளவு இடம் காலியாகியும் சுவர் தாமதமாகவே வந்தது. எரிச்சலாகிவிட்டது. ஒரு கட்டளை அடித்துப் பார்த்தேன், ட்ரிம் அணைந்து கிடந்தது. காலி இடத்தை எல்லாம் வாராவாரம் தானாக எஸ்.எஸ்.டி.க்கு மொத்தமாகச் சொல்கிற ஆப்டிமைஸையும் நிறுத்தியிருந்தார்கள். கேம் வேகமாக ஓடும் என்று எவனோ ஒரு அரைகுறை வீடியோவில் சொல்லியிருப்பான், தம்பியும் நம்பிச் செய்திருப்பான். அதாவது விண்டோஸ் இடம் காலி என்கிறது, எஸ்.எஸ்.டி.க்கு யாரும் அதைச் சொல்லவில்லை. நான் அழித்த வீடியோக்களை அது இன்னும் உயிரோடு காத்து வைத்திருந்தது.

அப்போது போன் அடித்தது. அவள் நம்பர். மணி பன்னிரண்டே முக்கால். "ஆரம்பிச்சிட்டாளா" என்று முணுமுணுத்துக்கொண்டு கட் செய்தேன். மறுபடி அடித்தது, மறுபடி கட் செய்தேன். ட்ரிம்மை ஆன் செய்து ஆப்டிமைஸை அழுத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பொட்டியை ஆனிலேயே விட்டுச் சாப்பிடப் போனேன். சும்மா இருக்கும் நேரத்தில் எஸ்.எஸ்.டி. தன் வரிசைகளைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று அப்படி விடுவது என் வழக்கம்.

நாலு மணிக்கு வந்து கேமைத் திறந்தால் இருபது செகண்டில் லோடு ஆனது. தரை, சுவர், கூரை, கதவு, ஜன்னலுக்கு அப்பால் கடல், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பினால் வாசலில் அவள். ஷட்டர் எப்போது தூக்குவேன் என்று எதிர் டீக்கடையில் மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாளாம்.

தம்பியோடு கேம் ஆடிய ஒருவன் மத்தியானம் வீட்டுக்கு வந்திருக்கிறான். மைக்கில் தம்பி மூச்சு விடாமல் பேசுவான், எங்கள் எல்லாரையும் கலாய்ப்பான், எல்லாம் அவன் வீடியோவில் இருக்குமே அக்கா, கேட்டதில்லையா என்றிருக்கிறான். வீட்டில் யாருமே கேட்டிராத பேச்சு அது. "வீடியோவ மட்டும் எடுத்து வெச்சிடுங்கண்ணே," என்றாள்.

அழித்துவிட்டேன், மீட்டுப் பார்க்கிறேன் என்றேன். ஃபைலை மீட்கிற மென்பொருளை ஓட்டினேன். பேர் எல்லாம் வந்தது. தேதி, மணி, சைஸ், ஒன்றுகூடக் குறையவில்லை. அவன் ஆடியதெல்லாம், சாவதற்கு முந்தின நாள் வரைக்கும், வரிசையாக இருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஒன்றை மீட்டுத் திறந்தேன், ஓடவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. உள்ளே முதலிலிருந்து கடைசி வரை வெறும் பூஜ்ஜியம். ட்ரிம் ஆன இடத்தை எஸ்.எஸ்.டி. அப்படித்தான் திருப்பிக் கொடுக்கும்.

"எப்பப் போச்சுண்ணே?" என்று கேட்டாள்.

"எஸ்.எஸ்.டி.ல அழிச்ச அப்பவே போயிடும்மா. காலைலயே போயிருக்கும்," என்றேன்.

ஊரில் முக்கால்வாசி மிஷினுக்கு அது உண்மைதான். இந்த மிஷினுக்கு அது பச்சைப் பொய். சோதித்துப் பார்த்தபோது ரெக்கார்டர் கொஞ்சம் மேலெழுதியிருக்கும். மற்றதெல்லாம் நான் போனைக் கட் செய்த வினாடி வரைக்கும் பத்திரமாக இருந்தது. எடுத்து "சொல்லும்மா" என்றிருந்தால் போதும்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி என்பது இல்லை. யார் பொட்டியை மேஜைமேல் வைத்தாலும் அந்தப் பேர் வரிசைதான் கண் முன்னால் வரும். பன்னிரண்டே முக்காலுக்கு எந்தப் போன் அடித்தாலும் முதல் மணியிலேயே பாய்ந்து எடுப்பேன். எடுத்தால் யாராவது "ரெடியாண்ணே?" என்பார்கள். ரெடி, ரெடி என்று பணிவாகச் சொல்கிறேன். என் பெண்டாட்டி, உனக்கு என்ன வந்தது, மந்திரிச்சு விட்டமாதிரி இருக்கிறாய் என்றாள். அவளிடமும் சொல்லவில்லை.

பத்து மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள், அதே பொட்டியோடு. தம்பிக்கு வருஷத் திவசப் பூசை மாதா கோயிலில் முடிந்த வாரம். லோடு மறுபடி மெதுவாகிவிட்டது என்றாள். திறந்தால் மறுபடி சிவப்புக் கோடு. அன்றைக்கு நான் நிறுத்த மறந்த ரெக்கார்டர் ஓட ஓட, தினமும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு வீடியோவை ஓட்டினேன். காலி வீடு, அலைச் சத்தம், மைக்கில் அவள் மூச்சு. அரை மணி நேரம் அதுதான்.

இதை அழித்துவிடலாமா என்று இந்த முறை மூன்று தடவை கேட்டேன். அழித்துவிடுங்கள் என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னைக்கு நான் காலைலயே கூப்பிட்டிருக்கணும். அந்தப் பையன் மத்தியானம்தான் வந்தான். அதுக்கு முன்னாடியே எனக்குத் தோணிருக்கணும்ல? நான்தான் லேட்டு."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உட்கார், ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். ட்ரிம் அணைந்து கிடந்ததையும், அவள் கூப்பிட்டபோது எல்லாம் உள்ளே இருந்ததையும், எரிச்சலில் இரண்டு தடவை கட் செய்ததையும், பிறகுதான் அந்தப் பட்டனை அழுத்தியதையும், அவளிடம் பொய் சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் கேட்டாள்: "நான் கூப்பிடும்போது இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அழிப்பதற்கு முன்னால் ஒன்றைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். பார்த்தேன். என்ன வீடியோ என்று தெரிந்துகொள்ள ஒன்றைத் திறந்து ஐந்து செகண்டு கேட்டிருந்தேன். பத்து மாதமாக நான் யாரிடமும் சொல்லாதது அதுதான். அந்த வீடியோக்களில் மிச்சம் இருக்கிற ஒரே இடம் பாழாய்ப்போன என் காது.

"என்ன சொன்னான்?"

"கதவ சாத்திடாதடா, மேலதான் ஏறி வந்துட்டிருக்கேன், ஒரு நிமிஷம் இருக்க மாட்டியான்னு சொன்னாம்மா. சொல்லிட்டுச் சிரிச்சான்."

அவள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"திக்கினானாண்ணே?"

"இல்லம்மா," என்றேன். "ஒரு எழுத்துகூடத் திக்கல."

மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவன் சொன்ன அதே வேகத்தில் சொல்லச் சொன்னாள். முயற்சி செய்தேன். எனக்குத்தான் பாதியிலேயே வார்த்தை திக்கி நின்றது.