லின்னும் ராகு காலமும்

எங்கள் மாடியில் குடியிருந்த லின் இன்று வியட்நாம் கிளம்பினாள். ஷூ கம்பெனியில் தையல் பயிற்சி கொடுத்தவள். கம்பெனி அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. விசா அந்தக் கம்பெனியின் பெயரில் இருப்பதால், இங்கிருந்தே வேறு வேலைக்கு மாற முடியாது. ஊருக்குப் போய்த்தான் புதிதாகக் கேட்க வேண்டும், அதுவும் யாராவது வேலைக்குக் கூப்பிட்டால். இன்றோடு விசா முடிகிறது.

காரில் ஏறப் போனவளின் பெட்டியை அம்மா வாங்கி வீட்டுக்குள் வைத்துவிட்டார்.

"ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சி கண்ணு. ஆறு மணிக்கு மேல கெளம்பு. அப்பதான் திரும்பி வருவ."

லின் போனில் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். "பிளைட் போனா, நாளைக்கு விசா இல்ல அம்மா. ஃபைன். எக்ஸிட் பர்மிட். அடுத்த விசா குடுப்பாங்களா, தெரியாது."

"இன்னாமா, ஒன்றர மணி நேரந்தான," என்றார் எதிர் வீட்டு அண்ணன். நானும் பெட்டியை எடுத்துத் தரவில்லை. அவள் திரும்பி வராமல் போய்விட்டால் என்ற பயம் எனக்கும்தான்.

ஆறு மணிக்கு அழுதுகொண்டே ஏறினாள்.

கொஞ்சம் முன்பு ஒரு மெசேஜ்: "அக்கா, கார் நகரல." அதன்பின் போன் எடுக்கவில்லை.

ஏர்போர்ட் போகும் வழியில் வண்டலூர் பக்கம் இருப்பவர்கள் ரோடு எப்படி என்று சொல்லுங்கள். ராகு காலத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுத வேண்டாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கமென்ட்டையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்.