வேண்டாம்னு சொன்ன அறை

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவார். காப்பி நீட்டினா வேண்டாம், உட்காரச் சொன்னா பரவாயில்லீங்க. எதிராளி ரெண்டு தடவை வற்புறுத்தணும். மூணாவது தடவை, அவங்க மனசு நோகக் கூடாதேன்னு வாங்கிக்கிற மாதிரி வாங்கிக்குவார். எங்க ஊர்ப்பக்கம் எல்லாரும் அப்படித்தான். அதையே கப்பலேத்தி அந்தமானுக்கும் கொண்டு வந்துட்டார்.

அப்ப நாங்க மரைன் ஹில்லுல ஒத்தை அறையில குடியிருந்தோம். இவர் ஒரு கடையில கணக்கெழுதிக்கிட்டு இருந்தார். அந்தமானோட வடகோடியில இருக்கிற திக்லிபூர்ல ஒரு ரைஸ் மில்லுக்குக் கணக்குப்பிள்ளை வேணும்னு தகவல் வந்துச்சு. மில் முதலாளி பட்டாளத்துலேருந்து வந்த பஞ்சாபிக்காரர். இவரைப் பார்த்துப் பேசினார், பிடிச்சுப் போச்சு, சம்பளமும் முடிவாயிடுச்சு. தான் திக்லிபூர் திரும்புறதுக்குள்ள எங்க வீட்டுக்கு வந்து மிச்சத்தைப் பேசிக்கலாம்னார்.

அந்த மிச்சம்தான் எனக்கு முக்கியம். திக்லிபூருக்கு அப்ப கப்பல்லதான் போகணும். அங்க லாட்ஜ் கிடையாது, வாடகைக்கு வீடும் லேசுல கிடைக்காது. கையில அஞ்சு மாசக் குழந்தை, மழைக்காலம் வேற வந்துக்கிட்டு இருக்கு. கப்பல் செலவு தருவாங்களா, சேரும்போது கையில கொஞ்சம் கொடுப்பாங்களா, வீடு கிடைக்கிற வரைக்கும் தங்க இடம் உண்டா, இதைக் கேளுங்கன்னேன். முதல் ரெண்டும் போனாப் போகுது, தங்க இடம் இல்லைன்னா குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைப் பக்கமே வரமாட்டேன்னும் சொல்லிட்டேன். சேர்றதுக்கு முன்னாடியே கையை நீட்டினா என்ன நினைப்பார்னு இவருக்குக் கவலை. நாசூக்காக் கேக்குறேன், நீ பேசாம இருன்னார்.

நாசூக்கு எப்படின்னு கேளுங்க. முதலாளி வந்து உட்கார்ந்ததும், இவர் திக்லிபூர்ல மழை ஜாஸ்தியான்னு கேட்டார். ஜாஸ்தின்னார் அவர். ராத்திரியில பாம்பு வருமான்னார். வரும்னார். கூரை வீட்டுக்குள்ளயும் வருமான்னார். அதுக்கும் வரும்னார். அடுப்படியில நின்னுக்கிட்டு நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

நல்லவேளை, அந்த மனுஷனே ஆரம்பிச்சார். மில்லுக்குப் பின்னால ஒரு அறை காலியா இருக்கு, வேணுமான்னார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம், வேண்டாம்" அப்படின்னார் எங்க வீட்டுக்காரர்.

சரின்னு தலையாட்டிட்டு அவர் நெல்லு கொள்முதலைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். பட்டாளத்துல வேண்டாம்னா வேண்டாம்தான், சோத்து வாளி அடுத்த ஆளுக்குப் போயிடும். முதலாளி ரெண்டாவது தடவை கேப்பார்னு இவர் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கார். கேக்குற மாதிரி தெரியல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. கிடைச்ச கூரையை எட்டி உதைச்சுட்டு உட்கார்ந்திருக்காரே பாவி மனுஷன்.

மெயின்லேண்ட் கப்பல்ல வந்த உளுந்துல வடை சுட்டிருந்தேன். முதல்ல வெச்சதை முதலாளி தின்னு முடிச்சிருந்தார். தட்டு நிறைய எடுத்துக்கிட்டுப் போய், இன்னும் ரெண்டுன்னேன். போதும் பெஹன்ஜின்னு கையைக் காட்டினார். கண்ணு மட்டும் வடையை விட்டு நகரல. சரின்னு தட்டைத் திருப்பிக்கிட்டு நடந்தேன். முதலாளி முகம் அப்படியே விழுந்துடுச்சு. வடைன்னு வந்துட்டா பட்டாளத்துக்காரரும் எங்க ஊர்க்காரர்தான்.

வாசப்படியில நின்னு திரும்பி, எனக்குத் தெரிஞ்ச பஜார் ஹிந்தியில சொன்னேன்:

"நீங்க வடைக்குச் சொன்ன மாதிரிதான் இவரும் அறைக்குச் சொன்னார்."

தட்டையும் இவரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அப்புறம் பெஞ்சு ஆடுற மாதிரி சிரிச்சார். நான் தட்டை அவர் முன்னால வெச்சேன். வாய் திறந்தது திறந்ததுதான்னு மிச்சத்தையும் கேட்டுட்டேன். இவர் வந்து சேர்றது உறுதி. கப்பல் செலவு, சேரும்போது ஏதாச்சும் தொகை, தங்க இடம், இதுல உங்க மில்லுல எது வழக்கம்? இல்லைன்னாலும் வருத்தமில்ல, தெரிஞ்சா அதுக்குத் தகுந்தபடி ஏற்பாடு பண்ணிக்குவோம். அவ்வளவுதான் கேட்டேன், வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. அவரும் வடையைத் தின்னுக்கிட்டே நேராச் சொன்னார். வேலைக்கு வர்ற ஆளுக்குக் கப்பல் டிக்கெட் மில் கொடுக்கும், குடும்பத்துக்கு நாங்கதான் பார்த்துக்கணும். சேர்றதுக்குன்னு தனியாத் தொகை கிடையாது, வேணும்னா முன்பணம் வாங்கிக்கிட்டு சம்பளத்துல கழிச்சுக்கலாம். அறை, வீடு கிடைக்கிற வரைக்கும் வாடகையில்லாம.

சொல்லிட்டு இவர் பக்கம் திரும்பி, அறை வேணும்தானேன்னு கேட்டார்.

"பரவாயில்லீங்க..."

"வேணும்" அப்படின்னேன் நான்.

கொட்டுற மழையிலதான் போய் இறங்கினோம். அறை பூரா உமித்தூசி. ஆனா தகரக் கூரையில மழை அடிச்சு நொறுக்குது, குழந்தை மேல ஒரு சொட்டு படல. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் பாயை விரிச்சுக்கிட்டே, சாவகாசமா, "பார்த்தியா, வேண்டாம் வேண்டாம்னேன், கேட்டுக் கேட்டுக் கொடுத்தார்" அப்படின்னார்.