திரேசாவின்ரை சுடுதண்ணிப் பானை

"நெஞ்சில் அடித்துக் கதறினாள்" எண்டு ஆராவது எழுதிக்கொண்டு வந்தால் இண்டைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். புதிசா நிருபர் வேலைக்கு வந்த பிள்ளையளுக்கு அது ஏனெண்டு சொல்லிவைக்கிறன்.

உலகச் சண்டைக்கு முந்தின காலம். கிழமைக்கு மூண்டு தரம் வாற ஒரு பேப்பரிலை நான் நிருபர். ஒருநாள் வாடைக்காத்து அடிச்சதிலை கடலுக்கு மீன்பிடிக்கப் போன குருநகர்ச் சவிரியின்ரை வள்ளம் திரும்பி வரேல்லை. சவிரியின்ரை தம்பி அந்தோனியும் வேறை ஆக்களும் தீவுப்பக்கம் போய், அங்கை ஒரு கரையிலை தங்கித் தேடிக்கொண்டிருந்தினம். ஆசிரியர் என்னைச் சவிரியின்ரை வீட்டுக்கு அனுப்பினார்.

வளவுக்குள்ளை சவிரியின்ரை பெண்சாதி திரேசா அடுப்பிலை பெரிய பானை வைச்சுத் தண்ணி சுடவைச்சுக்கொண்டிருந்தா. கடலாலை வந்தவுடனை உப்புப் போகக் குளிக்க மனுசனுக்குச் சுடுதண்ணி வேணும். பக்கத்திலை அவர் குளிச்சிட்டு மாத்திக் கட்ட மடிச்ச சாறம். அவவின்ரை தலை ஒருபக்கம் வாரி இருந்தது, மற்றப்பக்கம் வாரேல்லை, சீப்பு மயிருக்குள்ளேயே நிண்டுது.

"அக்கா, அவருக்கு என்ன வயசு?" எண்டன்.

"தண்ணி ஆறக்கூடாது," எண்டா.

சின்ன மகள் முகம் கழுவ ஒரு சிரட்டை தண்ணி அள்ளினாள். திரேசா அவளின்ரை கையிலை ஓங்கி ஒண்டு போட்டா. பிறகு அந்தக் கையை இழுத்துத் தன்ரை சீலையாலை துடைச்சுக்கொண்டே இருந்தா. கை காஞ்ச பிறகும் விடேல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு அங்கை நிக்க ஏலாமல் போச்சு.

கண்டதைக் கண்டபடி எழுதிக் குடுத்தன். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"என்ன காணும் இது? புருசனைக் கடல் கொண்டு போட்டுது, இவள் தண்ணி சுடவைக்கிறாளோ? இதை வாசிச்சு ஆர் அழுவான்?"

"ஐயா, அவ அழேல்லை."

"நீர் நிண்ட நேரம் அழேல்லை. பிறகு அழுதிருப்பாள். பொம்பிளை எண்டால் அழாமல் இருப்பாளோ?"

எல்லாத்தையும் சிவப்பு மையாலை வெட்டிப்போட்டுத் தானே எழுதினார். "நெஞ்சிலும் தலையிலும் அடித்துக் கதறிய அபலையின் கண்ணீர் வெள்ளம்." அச்சுக்கூடத்திலை எல்லாரும் ஆகா எண்டினம்.

குருநகர்க் கரையிலை ஒரு வழக்கம் இருக்கு. ஆள் வருமெண்டு நம்பிற மட்டும் பெண்சாதி வாய்விட்டு அழமாட்டா. அவ அழுதால், மனுசனை அனுப்பிப்போட்டா எண்டுதான் கணக்கு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் தேடப் போகாயினம், செத்தவீட்டுக்குத்தான் வருவினம். பேப்பர் லோஞ்சுப் படகிலை தீவுக்குப் போச்சு. அந்தோனி அதை வாசிப்பிச்சுக் கேட்டுட்டு, வள்ளங்களைத் திருப்பிக்கொண்டு வந்திட்டான்.

கரையிலை திரேசா கேட்டாவாம்: "அவரில்லாமல் ஏன் வந்தனீங்கள்?"

"நீங்கள் அழுதிட்டியளெண்டு பேப்பரிலை கிடக்கு மச்சாள்."

அடுத்த அரைமணித்தியாலத்திலை அவ எங்கடை பேப்பர்க் கந்தோருக்குள்ளை நிண்டா. தலையிலை சும்மாடு, சும்மாட்டிலை அந்தப் பானை. அதை இறக்கி ஆசிரியற்றை மேசையிலை, புரூவ் தாளுக்கு மேலை வைச்சா. கரி வட்டமாப் பிடிச்சுது.

"தொட்டுப் பாருங்கோ."

ஆசிரியர் தொடேல்லை.

"தொடுங்கோ ஐயா. ஆறிப்போச்சோ? நான் எப்ப அழுதனான்?"

"பிள்ளை, அது... வாசிக்கிற ஆக்களுக்காக..." எண்டார் மனுசன். அட பாவி! ஒரு உயிர் கடலிலை கிடக்க வாசிக்கிற ஆக்களாம்! திரேசா பானையைத் தூக்கித் தலையிலை வைச்சுக்கொண்டு திரும்பிப் போனா.

வள்ளங்கள் விடியத் திரும்பவும் போச்சுது. ஆளில்லாத ஒரு மணல்திட்டியிலை சவிரி கிடந்தான். உடைஞ்ச கொம்பொண்டை நட்டு, அதிலை தன்ரை சட்டையைக் கட்டியிருந்தான். தண்ணிக்கு மணலைத் தோண்டின நகமெல்லாம் பிஞ்சிருந்தது. செத்துக் கனநேரமில்லை, தூக்கேக்கை கை இன்னும் மடங்கினதாம். அந்தோனி சொல்லேக்கை என்ரை முகத்தைப் பாக்கேல்லை. வீணாப் போன அந்த ஒரு நாள் எங்கடை பேப்பர் திண்ட நாள்.

குளிப்பாட்டத் திரேசாதான் தண்ணி வாத்தா. சுடுதண்ணியிலை பச்சைத்தண்ணி கலந்து, புறங்கையை வைச்சுப் பாத்து, இன்னும் கொஞ்சம் கலந்தா.

"சூடு கூடினால் அவர் ஏசுவார்," எண்டா.

கந்தோருக்கு வந்தன். "இப்பவாவது அழுதவளோ?" எண்டு கேட்டுக்கொண்டு ஆசிரியர் சிவப்பு மையைத் திறந்தார். மைக்கூட்டைப் பறிச்சு யன்னலாலை எறிஞ்சுபோட்டு, அண்டைக்கே அந்த வேலையை விட்டன்.

பிள்ளையள், செத்தவீட்டுக்குப் போனால் அந்த ஆக்களின்ரை கை என்ன செய்யுதெண்டு பாருங்கோ. பாத்ததை மட்டும் எழுதுங்கோ. நீங்கள் சும்மா எழுதி வைக்கிற கண்ணீரை நம்பி ஆரோ வள்ளத்தைத் திருப்புவினம்.